குளியலறைக் கதவும் நிலையும்: தண்ணீர் புகுந்த இடத்தை அறிகுறி வைத்துக் கண்டுபிடிப்பது

குளியலறைக் கதவு பாழாகும்போது பெரும்பாலும் பாழாவது அடியிலுள்ள அரை அடிதான். மேலே ஆறடி உயரத்துக்கு மரம் புதிதாகவே இருக்கும். தரையை ஒட்டிய இடம் மட்டும் கறுத்தோ உப்பியோ உதிர்ந்தோ போயிருக்கும். ஆகவே "எந்தக் கதவு நல்லது, ஃபைபரா, டபிள்யூ.பி.சி.யா, மரமா?" என்ற கேள்விக்கு முன்னால் "அந்த அரை அடிக்குள் தண்ணீர் எந்த வழியாக வருகிறது?" என்று கேட்க வேண்டும். வழியை அடைக்காமல் பொருளை மட்டும் மாற்றினால், பழைய கோளாறு புது வடிவத்தில் திரும்ப வரும். மரம் இற்றுப்போன இடத்தில் டபிள்யூ.பி.சி. வைத்தால் அது இற்றுப்போகாது. ஆனால் அதே ஈரம் அதன் பின்னாலேயே ஏறி, அடுத்த அறையின் சுவர்ப் பூச்சை உரித்துவிடும்.

கடையில் "ஃபைபர் கதவு" என்ற பெயரில் இரண்டு வேறு பொருட்கள் விற்கின்றன. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்து வார்த்த எஃப்.ஆர்.பி. கதவு ஒன்று. உள்ளே அறை அறையாகக் கூடுள்ள பி.வி.சி. பலகைகளைக் கோத்துச் செய்த மெல்லிய கதவு இன்னொன்று. விளிம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும்: பி.வி.சி.யில் பலகை கோத்த இணைப்புக் கோடுகள் இருக்கும், அழுத்தினால் விரல் பட்ட இடம் அமுங்கும். இங்கே ஃபைபர் என்று சொல்வது எஃப்.ஆர்.பி.யை மட்டுமே. டபிள்யூ.பி.சி. என்பது மரத்தூள், பி.வி.சி., சுண்ணாம்புத்தூள் ஆகியவற்றை நுரைக்க வைத்து அச்சில் இழுத்த பலகை. பதப்படுத்திய மரம் என்பது பூச்சியும் பூஞ்சையும் அண்டாதபடி மருந்து ஏற்றிய மரம்.

அறிகுறி 1: மர நிலையின் கால் கறுத்து, தட்டினால் மொத்தென்று சத்தம் கேட்கிறது

ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நிலைக்காலின் அடியில் தொடங்கி ஒவ்வோர் அங்குலமாக மேலே குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை ஒரு மி.மீ.கூட இறங்காது. இற்ற மரத்தில் 5 மி.மீ. சுலபமாக இறங்கும், நெம்பினால் நீளச் சிம்பாக வராமல் பொடிப்பொடியாக உடையும். எந்த உயரத்தில் முனை இறங்காமல் நிற்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். அடுத்த முடிவெல்லாம் இந்தக் கோட்டை வைத்துத்தான்.

காரணம் மரத்தின் வெட்டுமுகம். மரத்துக்குள் நீளவாக்கில் ஓடும் நுண்குழல்கள் எல்லாம் அடியில் வாய் திறந்திருக்கின்றன; ஈரம் பக்கவாட்டில் ஊறுவதைவிட அந்த வாய் வழியாகப் பலமடங்கு வேகமாக ஏறும். நம் ஊர்க் கட்டட வேலையில் நிலையை முதலில் நிறுத்திவிட்டுப் பிறகுதான் தரை போடுவார்கள். அதனால் கால் ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ கலவைக்குள் புதைந்துவிடும். குளித்த தண்ணீர் ஓடுகளின் இடுக்கு வழியாக அந்தக் கலவையில் இறங்கும். கலவை காய்வதற்குள் அடுத்த குளியல் வந்துவிடும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சைக்கு அது போதும். வெளியே என்ன பெயின்ட் அடித்திருந்தாலும் அடி திறந்திருக்கும்வரை பயனில்லை. பெயின்ட் உள்ளே ஏறிய ஈரத்தை வெளியேற விடாமல் பிடித்து வைக்கவே செய்யும்.

"மருந்து போட்ட மரம்தானே, எப்படி இற்றது?" என்ற கேள்விக்கு மூன்று பதில்கள் உண்டு. ஒன்று, மருந்தைத் தூரிகையால் பூசியிருப்பார்கள். அது மேற்பரப்போடு நின்றுவிடும். அழுத்தக் கலனில் வைத்து ஏற்றினால்தான் ஆழமாக இறங்கும். இரண்டு, கலனில் ஏற்றிய மரமாகவே இருந்தாலும், வேலையிடத்தில் ஆசாரி உயரத்துக்கு வெட்டியதும் மருந்து எட்டாத உள்மரம் வெளியே வந்துவிடும். வெட்டிய முகத்துக்கு மறுபடி மருந்து பூச வேண்டும். பெரும்பாலும் யாரும் பூசுவதில்லை. மூன்று, போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த மருந்து. பூச்சிக்கு எதிராக அது நல்லது. ஆனால் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும். வீட்டுக்குள் உலர்ந்த இடத்து அலமாரிக்கு அது சரி, குளியலறை நிலைக்குச் சரியல்ல. தாமிரம் சேர்ந்த மருந்து மரத்தோடு பிணைந்து நிற்கும். லேசான பச்சை நிறத்தைப் பார்த்து அடையாளம் காணலாம். அந்த மரத்தின் தூளையும் துண்டுகளையும் அடுப்பில் எரிக்கக்கூடாது, அந்த மருந்துகளில் சிலவற்றில் ஆர்சனிக் உண்டு.

தேக்கு வைத்தும் இற்றுப்போயிருந்தால், வெட்டித் திறந்து நிறம் பாருங்கள். தேக்கின் தாங்கும் சக்தி அதன் வைரத்தில், அதாவது பழுப்பு நிற நடுமரத்தில் மட்டுமே இருக்கிறது. வெளிறிய விளிம்புப் பகுதி மற்ற சாதாரண மரம்போலவே சீக்கிரம் இற்றுவிடும்.

இனி, சரிசெய்வது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்: இரண்டரை அடி அகலக் கதவு, 4 அங்குலம் × 2½ அங்குலம் வேங்கை நிலை. ஷவர் பக்கத்துக் கால் தரையிலிருந்து 100 மி.மீ. வரை இற்றிருக்கிறது. கீழ்க் கீலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 225 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. இற்ற கோட்டுக்கு மேல் இன்னும் 50 மி.மீ. நல்ல மரத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும், ஏனென்றால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் மரத்துக்குள்ளும் பூஞ்சை கொஞ்சம் முன்னேறியிருக்கும். ஆக வெட்டு 150 மி.மீ. உயரத்தில். வெட்டுக்கும் கீலுக்கும் நடுவே 75 மி.மீ. மிச்சம் இருப்பதால் காலை மட்டும் மாற்றலாம். இந்த இடைவெளி 50 மி.மீ.க்குக் குறைந்தால், அதாவது இற்றது கீலை நெருங்கியிருந்தால், ஒட்டுப்போடுவதில் காசை விடாமல் முழு நிலையையும் மாற்றிவிடுங்கள். கீல் திருகு பிடிக்க மரம் இருக்காது.

கதவைக் கழற்றி வையுங்கள். காலை வெட்டியதும் நிலை ஆடாமல் இருக்க, முதலில் தரையிலிருந்து சுமார் 350 மி.மீ. உயரத்தில் நிலை வழியாகச் சுவருக்குள் 10 மி.மீ. தடிப்பு, 120 மி.மீ. நீளம் உள்ள நைலான் உறை ஆங்கர் ஒன்றைப் போடுங்கள். நிலையைச் சுவரோடு பிடிக்கும் பழைய இரும்புப் பட்டி, அதாவது ஹோல்டுஃபாஸ்ட், துருப்பிடித்து அறுந்திருப்பது சகஜம், அதை நம்ப வேண்டாம். பிறகு காலை அறுக்கவும். வெட்டு மட்டமாக இருக்கக்கூடாது. குளியலறைப் பக்கம் 10 மி.மீ. தாழ்ந்து சரிந்திருந்தால், மேலே வழியும் தண்ணீர் இணைப்பில் தங்காமல் வெளியே வழிந்துவிடும். தரைக்குள் புதைந்திருக்கும் கட்டையையும் உளியால் முழுக்கத் தோண்டி எடுங்கள். அதை விட்டுவைத்தால் ஈரம் தேங்கும் பள்ளம் அப்படியே நிற்கும். பள்ளத்தைச் சுருங்காத கிரௌட் கொண்டு தரை மட்டம்வரை நிரப்பி, காய்ந்ததும் அதன்மேலும் பக்கச் சுவர் மேல் 150 மி.மீ. உயரத்துக்கும் சிமெண்ட் கலந்த நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு கை பூசுங்கள்.

அடுத்துள்ள வேலையில்தான் பொறுமை வேண்டும். வெட்டிய மரமுகம் காய வேண்டும். ஒரு வாரம் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல், முடிந்தால் ஒரு விசிறியும் வைத்துக் காயவிடுங்கள். ஈரமானி இருந்தால் 18 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் போதும். பிறகு தாமிர மருந்தைத் தாராளமாகப் பூசி, இரண்டு நாள் கழித்து, வெட்டுமுகத்தில் மட்டும் எபாக்ஸி இரண்டு கை. ஈர மரத்தின்மேல் எபாக்ஸி பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதுபோல் ஆகிவிடும்.

புதுக் காலாக மறுபடி மரம் வேண்டாம். டபிள்யூ.பி.சி. நிலைச்சட்டம் விற்கும் கடையில் அதே 4 × 2½ அளவில் ஓர் அடித் துண்டு கேளுங்கள். அதில் கதவு படியும் வெட்டு ஏற்கெனவே இருக்கும். மூடிய கண்ணறைகள் கொண்ட நுரை என்பதால் வெட்டுமுகம் தண்ணீரை மேலே இழுக்காது. உங்கள் நிலையின் வெட்டு அளவோடு பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். உயரம் 144 மி.மீ., மேல்முகம் மரத்துக்குக் கொடுத்த அதே சரிவில். சுவர்ப்பக்கமும் அடியும் பாலியூரித்தேன் பசை தடவி நிறுத்தி, ஓர் எஸ்.எஸ். ஆங்கரால் சுவரோடு பிடியுங்கள். மரத்துக்கும் புதுக் காலுக்கும் நடுவே 6 மி.மீ. இடைவெளி இருக்கும். அதில் நுரைக்கயிறு திணித்து மேலே பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள். இடைவெளி விடாமல் முட்டுக்கொடுத்து ஒட்டினால், மரம் மழைக்காலத்தில் உப்பி வெயில்காலத்தில் சுருங்கும்போது அந்த ஒட்டு பிளந்துவிடும்.

அறிகுறி 2: டபிள்யூ.பி.சி. நிலையில் கீல் திருகு சுற்றிக்கொண்டே போகிறது, கதவு தொங்குகிறது

இது ஈரத்தால் வந்த கோளாறு அல்ல, ஆனால் ஈரத்துக்கு வழி திறந்துவிடும். கதவு தொங்கியதும் அடி உரசும். உரசுவதைத் தவிர்க்க ஆசாரி அடியைச் சீவுவார். இதைச் சீவலில் தொடங்காமல் திருகில் தொடங்க வேண்டும்.

முதலில் பலகையின் அடர்த்தி. மலிவான சரக்கில் நுரை அதிகம், பொருள் குறைவு. கதவை எடைபோட்டால் தெரிந்துவிடும். 750 × 2050 மி.மீ. அளவில், 30 மி.மீ. கனத்தில் உள்ள கதவின் கன அளவு சுமார் 0.046 கன மீட்டர். கன மீட்டருக்கு 600 கிலோ அடர்த்தி என்றால் கதவு 27, 28 கிலோ இருக்க வேண்டும். வீட்டு எடைமெஷினில் 20, 21 கிலோ காட்டினால் அடர்த்தி 450 அளவுதான். அதில் எந்தத் திருகும் நெடுநாள் நிற்காது. வாங்கும்போதே எடை கேட்பது ரசீதில் எழுதிய அடர்த்தியைவிட நம்பகமானது.

அடர்த்தி சரியாக இருந்தும் திருகு கழன்றால், வழிதுளை போடாமல் அடித்திருப்பார்கள், அல்லது மரத்துக்குப் போடும் குட்டைத் திருகைப் போட்டிருப்பார்கள். நுரையில் திருகைச் சுத்தியலால் பாதிவரை அடித்து மீதியை முடுக்குவது வழக்கம். அப்படிச் செய்தால் சுற்றியுள்ள நுரை நொறுங்கிவிடும், பிடிப்பு அப்போதே போய்விட்டது. கெட்ட துளையில் தீக்குச்சியும் பசையும் திணிப்பது மரத்துக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. துளையை 8 மி.மீ. ஆக்கி, தூளை ஊதி எடுத்து, இரண்டு பாக எபாக்ஸிக் கட்டியை நிரப்பி ஒரு நாள் இறுகவிட்டு, 3 மி.மீ. வழிதுளை போட்டு, அகன்ற மரையுள்ள 5 × 50 மி.மீ. எஸ்.எஸ். 304 திருகைக் கையால் முடுக்குங்கள். நிலையில் மேல்கீலுக்கு ஒரு திருகாவது சட்டத்தையும் தாண்டிச் சுவருக்குள் நைலான் உறையில் இறங்கும்படி நீளமாக இருப்பது நல்லது, கதவின் இழுப்பு முழுதும் மேல்கீலில்தான் விழுகிறது. 28 கிலோ கதவுக்கு மூன்று கீல் போதாது. நான்கு போட்டு, அதில் இரண்டை மேல்பாதியில் வையுங்கள்.

இரும்பில் துத்தநாகம் பூசிய திருகைக் குளியலறையில் போடாதீர்கள். தரை கழுவும் ஆசிட்டின் ஆவிபட்டால் எஸ்.எஸ். கீலே கறைபிடிக்கும், ஆசிட் ஊற்றிய நாளில் கதவைத் திறந்துவைத்து, கீல்மேல் நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட வேண்டும்.

அறிகுறி 3: காலையில் சரியாக மூடும் கதவு பிற்பகலில் தாழ்ப்பாளில் விழ மறுக்கிறது, இரவில் மறுபடி சரியாகிறது

மரக்கதவு மாதக்கணக்கில் நடந்துகொள்ளும்: ஐப்பசியில் உப்பும், பங்குனியில் சுருங்கும். ஒரே நாளுக்குள் இப்படி மாறினால் அது டபிள்யூ.பி.சி., காரணம் வெப்பம்.

பி.வி.சி. சேர்ந்த பொருள் மரத்தின் நீளவாக்கைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வெப்பத்தில் நீளும். 2 மீட்டர் கதவு 20 டிகிரி சூடேறினால் நீளத்தில் சுமார் 2 மி.மீ. கூடும். இது மேலே 4 மி.மீ. விட்டிருந்தால் தெரியவே தெரியாது. பெரிய தொல்லை வளைவில்தான். மேற்குப் பார்த்த சன்னல் வழியாக வெயில் கதவின் ஒரு முகத்தில் மட்டும் விழுந்து, இரு முகங்களுக்கும் நடுவே 10 டிகிரி வித்தியாசம் வந்தால், 30 மி.மீ. கனக் கதவு நடுவில் 8 மி.மீ.க்கும் அதிகமாக வில்லாக வளையும். கீல் பக்கம் பிடிபட்டிருப்பதால் வளைவு முழுவதும் பூட்டுப் பக்கத்து மூலைகளில் தெரியும். தாழ்ப்பாள் துளையைப் பெரிதாக்குவது அந்த நேரத்துக்கு உதவும், ஆனால் கதவு நிலையில் படியாத இடுக்கு வழியாகத் தண்ணீர் வெளியே தெறிக்கும்.

கதவை இழைக்காதீர்கள், இரவில் அது சரியான அளவுக்கே திரும்பிவிடும். வெயிலைத் தடுப்பதுதான் முதல் வேலை: சன்னலுக்குப் பால்கண்ணாடியோ ஒட்டும் தாளோ. அடர்நிறப் பெயின்ட் அடித்திருந்தால் வெளிர்நிறத்துக்கு மாற்றுங்கள். நடுவில் ஒரு கீல் கூட்டினால் கீல் பக்கம் நிமிர்ந்து நிற்கும். அப்படியும் நிற்கவில்லை என்றால் அந்த இடத்துக்கு டபிள்யூ.பி.சி. கதவு பொருந்தாது. ஃபைபர் கதவு அதே வெயிலில் இந்த அளவுக்கு வளையாது. மேற்கு வெயில் விழும் குளியலறைக்குக் கதவு ஃபைபர், நிலை டபிள்யூ.பி.சி. என்று கலந்து வைப்பதே சரி. நிலை சுவரோடு பிடிபட்டிருப்பதால் அதற்கு இந்த வளைவு வராது.

அறிகுறி 4: ஃபைபர் கதவு கனத்துவிட்டது, அசைத்தால் உள்ளே சலசலக்கிறது, அடியில் பழுப்பு நீர் வடிகிறது

ஃபைபர் தோல் தண்ணீரை உள்ளே விடாது. ஆகவே தோலை யாரோ வெட்டியிருக்கிறார்கள் அல்லது துளைத்திருக்கிறார்கள். மூன்று இடங்களைப் பாருங்கள்: தரையில் உரசுகிறதென்று அறுத்த அடிவிளிம்பு, பூட்டுத் துளை, துண்டு மாட்டும் கொக்கிக்காகப் போட்ட திருகு. இந்தக் கதவுகளுக்குள் நடுவில் நுரையும், கீலும் பூட்டும் வரும் இடங்களில் மரக்கட்டையும் வைத்திருப்பார்கள். நுரை பாலியூரித்தேனாக இருந்தால் அதிகம் உறிஞ்சாது. உள்ளே புகுந்த நீர் மரக்கட்டையில் ஊறி, அதைக் கறுக்கவைத்து, பழுப்பாக வெளியே வரும். கட்டை இற்றதும் பூட்டு ஆடத் தொடங்கும்.

கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்து, அடிவிளிம்பின் இரு ஓரங்களிலும் 5 மி.மீ. துளை போடுங்கள். நீர் வடிந்ததும், நிழலில் ஒரு வாரம் நிற்கட்டும். வெயிலில் போட்டால் உள்ளிருக்கும் நீராவி தோலை உப்பவைக்கும். பிறகு அறுத்த விளிம்பில் நுரையை 10 மி.மீ. ஆழம் சுரண்டி எடுத்து, அந்தப் பள்ளத்தில் எபாக்ஸிக் கட்டியை நிரப்பி மூடுங்கள். சிலிக்கான் மட்டும் தடவினால் தரை துடைக்கும் கட்டை பட்டே உரிந்துவிடும். பூட்டுத் துளையின் உள்சுவருக்கும் எபாக்ஸி பூசிவிட்டுப் பூட்டை மாட்டுங்கள். கொக்கிக்குத் திருகு வேண்டாம், ஒட்டும் கொக்கி போதும்.

தோல் தட்டையாக இல்லாமல் பெரிய பரப்பில் உப்பி, அழுத்தினால் டப்பென்று உள்ளே போய் வெளியே வந்தால், தோலும் நுரையும் பிரிந்துவிட்டன. அதற்கு மருந்தில்லை, கதவை மாற்ற வேண்டியதுதான். புதிதாக வாங்கும்போது, நிலைக்குள் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்திலும் உயரத்தை இரு பக்கத்திலும் அளந்து, மிகக் குறைந்த அளவிலிருந்து பக்கத்துக்கு 3 மி.மீ., மேலே 4 மி.மீ., கீழே 10 மி.மீ. கழித்து அந்த அளவிலேயே செய்யச் சொல்லுங்கள். ஃபைபரை வேலையிடத்தில் அறுக்கும் நிலை வரவே கூடாது.

ஒட்டுப்பலகையில் செய்த ஃப்ளஷ் கதவின் அடி அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தால், கதவை இறக்கி அடிவிளிம்பைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே பெயின்ட்டே இருக்காது. பிரிவு ஓர் அங்குலத்துக்குள் என்றால் அறுத்துவிட்டு, எபாக்ஸி பூசி, எஸ்.எஸ். தகட்டை ப வடிவில் வளைத்து மாட்டலாம். அதற்கு மேல் போயிருந்தால் உள்கட்டையும் ஊறியிருக்கும்.

அறிகுறி 5: கதவும் நிலையும் நன்றாக இருக்கின்றன, ஆனால் வெளியே அறையின் சுவரடியில் பெயின்ட் உரிகிறது

டபிள்யூ.பி.சி. நிலை வைத்த வீடுகளில் இதுதான் அதிகம். நிலை ஒன்றும் ஆகாமல் நிற்பதால் எல்லோரும் குழாய்க் கசிவைத் தேடிச் சுவரை உடைப்பார்கள். உடைப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

குளியலறையை இரண்டு நாள் பயன்படுத்தாமல் காயவிடுங்கள். வடிகால் வாயை அடைத்து, வாசலின் உட்புறம் களிமண்ணால் சிறு வரப்புக் கட்டி, நிலையின் காலைத் தண்ணீர் தொடாதபடி, தரையில் 25 மி.மீ. தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். வெளியே ஈரம் வந்தால் தரையின் நீர்த்தடுப்பு போய்விட்டது; அது கதவு வேலை அல்ல. வரவில்லை என்றால் தண்ணீரை வடித்து, மறுநாள் நிலையின் இரு கால்கள்மேல் மட்டும் குவளையால் பத்து நிமிடம் ஊற்றுங்கள். சில மணி நேரத்தில் வெளியே ஈரம் தெரிந்தால் வழி நிலைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிறது.

அந்த இடுக்கில் பெரும்பாலும் இருப்பது நுரைபசை. ஸ்பிரே நுரை நிலையைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் தண்ணீரைத் தடுக்காது. வெட்டிய நுரையின் திறந்த கண்கள் ஈரத்தைக் கடத்தும். கீழ் 150 மி.மீ. நுரையைச் சுரண்டி எடுத்து, அங்கே சுருங்காத கிரௌட்டோ பாலியூரித்தேன் சீலன்டோ நிரப்ப வேண்டும். பிறகு குளியலறைப் பக்கம் நிலையும் ஓடும் சேரும் மூலை முழுவதற்கும் சிலிக்கான்.

சிலிக்கானில் வாங்கும்போதே தவறு நடக்கிறது. புளித்த வாடை அடிக்கும் வகை கண்ணாடிக்கானது. சிமெண்ட்டிலும் கல்லிலும் சரியாகப் பிடிக்காது, உலோகத்தை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகை, பூஞ்சைத் தடுப்பு சேர்ந்தது வேண்டும். பழையதன் மேலேயே புதியதைப் பூசினால் அது ஒட்டாது. பழையதை முழுக்கச் சுரண்டி எடுங்கள். டபிள்யூ.பி.சி.யை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தின்னரும் அசிட்டோனும் பி.வி.சி.யை இளக்கிவிடும், அவை வேண்டாம். 6 மி.மீ. அகல, 6 மி.மீ. ஆழக் கோட்டுக்கு 300 மி.லி. குழல் ஒன்று 8 மீட்டருக்கு வரும். ஒரு நிலையின் உட்புறத்துக்குச் சேதாரம் சேர்த்து ஒரு குழலே தாராளம்.

வெளிப்பக்கம், அதாவது அறைப்பக்கம், மர நிலையின் அடி ஓர் அங்குலத்தைச் சீல் செய்யாமல் விடுங்கள். உள்ளே எப்படியோ புகும் ஈரம் காய்வதற்கு ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். இரு பக்கமும் அடைத்த மர நிலை இருபுறமும் திறந்ததைவிடச் சீக்கிரம் இற்றுப்போவதற்கு இதுதான் காரணம்.

புது நிலை வைக்கும்போது

தரையும் நீர்த்தடுப்பும் முடிந்த பிறகு நிலையை வையுங்கள். நீர்த்தடுப்புப் பூச்சு வாசலில் நின்றுவிடாமல், வாசற்கல்லின் அடியாகப் போய், நிலை வரும் சுவர்முகத்தில் 150 மி.மீ. ஏறியிருக்க வேண்டும். வாசலில் குளியலறைத் தரையைவிட 10 முதல் 15 மி.மீ. உயர்ந்து நிற்கும்படி ஒரு கிரானைட் பட்டி. வயதானவர்கள் உள்ள வீட்டில் அதன் விளிம்பைச் சரிவாக்கிவிடுங்கள். நிலையின் கால்கள் அந்தப் பட்டியின்மேல் நிற்க வேண்டும், ஓட்டுக்குள் புதையக்கூடாது. காலுக்கும் கல்லுக்கும் நடுவே 5 மி.மீ. சீலன்ட். நிலை மரம் என்றால், நிறுத்துவதற்கு முன்பே வெட்டுமுகத்துக்கு மருந்தும் எபாக்ஸியும் பூசியாக வேண்டும், பிறகு கை எட்டாது.

சுவருக்கும் நிலைக்கும் பக்கத்துக்கு 6 முதல் 8 மி.மீ. விட்டு, தூக்குக்குண்டு பிடித்து இரு முகத்திலும் நேர் பாருங்கள். ஆங்கர்கள் மேலும் கீழும் 150 மி.மீ. தள்ளித் தொடங்கி, நடுவே 450 மி.மீ.க்கு ஒன்று என்று வந்தால் ஏழடி நிலையின் ஒரு காலுக்கு ஐந்து. நுரை அடிப்பதற்கு முன், இரு கால்களுக்கும் நடுவே மேல், நடு, கீழ் என மூன்று ரீப்பர்களைச் சரியான உள் அகலத்துக்கு வெட்டி முட்டுக்கொடுங்கள். விரியும் நுரை டபிள்யூ.பி.சி. காலை நடுவில் உள்ளே தள்ளிவிடும். மறுநாள் கதவு நுழையாது. நுரை இறுகும்வரை, குறைந்தது ஓர் இரவு, அந்த முட்டுகளை எடுக்காதீர்கள்.

கதவின் அடியில் விடும் 10 மி.மீ. இடைவெளியை ரப்பர் பட்டி போட்டு அடைக்க வேண்டாம். எக்ஸாஸ்ட் விசிறிக்கு உள்ளே காற்று வரும் வழி அதுதான். அதை அடைத்தால் குளியலறை காயவே காயாது, மேலே சொன்ன கோளாறுகள் எல்லாம் சீக்கிரம் வரும். உள்ளே கேஸ் கீசர் இருக்கும் வீட்டில் இது உயிர்ப் பிரச்சினை: அடைபட்ட அறையில் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு நிறமும் இல்லை வாடையும் இல்லை. அந்தக் கீசரை முதலில் வெளியே மாற்றிவிட்டுத்தான் கதவு வேலையைத் தொடங்க வேண்டும்.